அணியின் தலையில் ஒன்றைச் செருகும்போது நடப்பது என்ன?

வேலூர், காட்பாடி வட்டாரக் கல்லூரிகளில் படித்து முடித்து வேலைக்குச் சேரும் இளைஞர்களின் நிரல்களைச் சரிபார்ப்பது என் பணிகளில் ஒன்று. அவற்றில் நான் திரும்பத் திரும்பக் காணும் பைத்தான் வரி இது:

```python
records.insert(0, r)
```

புதிய பதிவு பட்டியலின் மேலே தெரிய வேண்டும் என்ற எண்ணத்தில் எழுதப்படும் வரி. விடையும் சரியாகவே வரும். ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஆலை ஒன்றின் எடைப் பதிவுகளுக்காக எழுதிய நிரலிலும் இது இருந்தது. ஆயிரம் பதிவுகளை வைத்துச் சோதித்தபோது நொடிப்பொழுதில் முடிந்த வேலை, பழைய பதிவுகள் நான்கு லட்சத்தையும் ஏற்றியபோது முடிவில்லாமல் இழுத்துக்கொண்டே போயிற்று. புதிய கணினி வாங்கலாமா என்ற பேச்சுகூட எழுந்தது. அதற்குத் தேவையே இல்லை. காரணம் அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது.

பைத்தானின் லிஸ்ட் உள்ளுக்குள் ஓர் அணிதான். அரே எனப்படும் அணியில் உறுப்புகள் நினைவகத்தில் இடைவெளி இல்லாமல், ஒவ்வொன்றும் ஒரே அளவு இடத்தைப் பிடித்து, அடுத்தடுத்து அமர்ந்திருக்கின்றன. முதல் உறுப்பின் முகவரி 1000 என்றும், ஒவ்வொன்றுக்கும் 8 பைட் இடம் என்றும் கொள்வோம். 0-இலிருந்து எண்ணும் வரிசை எண்ணே இன்டெக்ஸ். இன்டெக்ஸ் 4-இல் உள்ள உறுப்பு வேண்டுமென்றால் 1000 + 4 × 8 = 1032 என்று கணக்கிட்டு, கணினி நேராக அந்த முகவரிக்குச் செல்கிறது. இன்டெக்ஸ் 3,00,000 என்றாலும் அதே ஒரு பெருக்கல், ஒரு கூட்டல்தான். இடையில் உள்ள எந்த உறுப்பையும் அது தொட்டுப் பார்ப்பதில்லை. அணி எவ்வளவு நீண்டாலும் இந்த வேலை கூடுவதில்லை என்பதையே மாறா நேரம் என்கிறோம், `O(1)` என்று எழுதுகிறோம். பைத்தானின் லிஸ்ட்டில் நீளமான பெயரும் சிறிய எண்ணும் கலந்திருக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு, நல்ல கேள்வி. லிஸ்ட்டுக்குள் இருப்பவை அந்த மதிப்புகள் அல்ல, அவை இருக்கும் இடத்தின் முகவரிகள். 64 பிட் கணினியில் முகவரி ஒவ்வொன்றுக்கும் 8 பைட் என்பதால் கணக்கு பிசகுவதில்லை.

இப்போது 12, 25, 31, 47 என்ற அணியின் முன்னால் 9-ஐச் செருகிப் பார்ப்போம். 1000 என்ற முகவரியில் 12 ஏற்கெனவே இருக்கிறது. எனவே 47-ஐ 1024-இலிருந்து 1032-க்கும், 31-ஐ 1016-இலிருந்து 1024-க்கும், 25-ஐ 1008-இலிருந்து 1016-க்கும், கடைசியாக 12-ஐ 1008-க்கும் நகர்த்திய பிறகே 1000-இல் 9-ஐ வைக்க முடியும். நகர்த்தலைப் பின்னாலிருந்து தொடங்குவதைக் கவனியுங்கள்: முன்னாலிருந்து தொடங்கினால் 12 போய் 25-இன் மேல் எழுதப்பட்டு, 25 அழிந்துவிடும். இடைவெளி இல்லாமல் அடுக்கியிருப்பதால்தான் முகவரியைக் கணக்கிட முடிகிறது. அதே அடுக்குதான் முன்னால் ஒன்று நுழையும்போது எல்லாவற்றையும் நகர வைக்கிறது. நான்கு உறுப்புகளுக்கு நான்கு நகர்வு, n உறுப்புகளுக்கு n நகர்வு, இதுவே `O(n)`.

ஒரு முறை செருகுவது மட்டும் என்றால் பெரிய பாதிப்பு இராது, ஏனெனில் தொடர்ச்சியான நினைவகத்தை மொத்தமாக நகர்த்துவதில் இன்றைய கணினிகள் மிக வேகமானவை. ஆனால் வெற்று அணியில் தொடங்கி, ஒவ்வொரு பதிவையும் முன்னால் செருகிக்கொண்டே போனால் மொத்த நகர்வு 0 + 1 + 2 + … + (n−1), அதாவது n(n−1)/2 ஆகிறது. ஆயிரம் பதிவுகளுக்கு இது 4,99,500; நான்கு லட்சத்துக்கு ஏறத்தாழ 8,000 கோடி. பதிவுகள் 400 மடங்கு கூடியதற்கு வேலை ஏறத்தாழ 1,60,000 மடங்கு கூடிவிட்டது. சிறிய சோதனையில் இந்தக் கோளாறு ஏன் தலைகாட்டவில்லை என்பது இதிலிருந்தே விளங்கும்.

உங்கள் நிரலிலும் இதுதான் நடக்கிறதா என்று அறிய, ஒரு லட்சம் பதிவுகளுக்கு ஆகும் நேரத்தையும் இரண்டு லட்சத்துக்கு ஆகும் நேரத்தையும் அளந்து பாருங்கள். நேரம் இரு மடங்கானால் கவலையில்லை; நான்கு மடங்கை ஒட்டி வந்தால் சுழற்சிக்குள் இத்தகைய வரி ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள்.

அந்த ஆலையின் நிரலுக்கு இரண்டு மாற்றங்களே போதுமானவையாக இருந்தன, கடைசியில் சேர்ப்பதும் பின்னாலிருந்து காட்டுவதும்:

```python
records.append(r)

for r in reversed(records):
    print(r)
```

கடைசியில் சேர்க்கும்போது எதுவும் நகர வேண்டியதில்லை. ஒதுக்கிய இடம் நிரம்பும்போது மட்டும் கூடுதல் இடம் பெற வேண்டியிருக்கும், சில சமயம் அணி முழுவதும் வேறிடத்துக்கு மாறவும் நேரும். ஆனால் ஒவ்வொரு முறையும் சற்றுத் தாராளமாகவே இடம் ஒதுக்கப்படுவதால் அந்தச் செலவு அரிதாகவே வருகிறது. `reversed` அணியைப் பிரதி எடுக்காமல் பின்னாலிருந்து படித்துக் காட்டுகிறது. உண்மையாகவே இரு முனைகளிலும் அடிக்கடி சேர்த்து நீக்க வேண்டியிருந்தால் `collections.deque` பொருத்தமானது. அதில் `appendleft` மாறா நேரத்தில் முடியும். ஆனால் அதன் நடுவில் உள்ள உறுப்பை இன்டெக்ஸ் கொடுத்து எடுக்கும்போது, முனையிலிருந்து துண்டு துண்டாகக் கடந்து செல்ல வேண்டியிருப்பதால், அந்த வேலை நீளத்தோடு கூடும். ஆகவே நடுவில் உள்ள பதிவுகளை அடிக்கடி எடுக்கும் நிரலில் அதைப் பயன்படுத்த வேண்டாம்.