நறுங்கானகம் எங்கிருந்து வந்தது?

மொழிபெயர்ப்புக் கவிதைகளைச் செப்பனிடும் வேலையில் இருப்பதால், ஒரே ஆங்கிலப் பாடலின் பல தமிழ் வடிவங்கள் என் மேசைக்கு வருவது வழக்கம். வில்லியம் பிளேக் 1794-இல் வெளியிட்ட ‘புலி’ பாடலுக்கு அண்மையில் வந்த ஒரு வடிவம் இவ்வாறு தொடங்கியது:

புலியே புலியே பொலிந்தெரி கின்றாய்
நலியா இரவின் நறுங்கா னகத்தில்

யாப்பில் குறை சொல்ல முடியாது. அடிக்கு நான்கு சீர், எல்லாம் ஈரசைச் சீர்கள். இரண்டாம் எழுத்து எதுகை இருக்கிறது. முதற்சீரிலும் மூன்றாம் சீரிலும் மோனையும் இருக்கிறது. ஆனால் பிளேக்கின் காட்டில் நறுமணம் இல்லை. எதுகைக்காக ‘நலியா’ வந்தது. அதற்கு மோனையாக ‘நறும்’ வந்தது. அச்சமூட்ட வேண்டிய இருட்டுக் காடு, இரண்டே சொற்களில் பூங்காவாகிவிட்டது. இத்தகைய அடிகளை வாரந்தோறும் திருத்தி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

‘மூலத்தின் சந்தத்தைக் காப்பாற்றினேன்’ என்று இவற்றுக்கு விளக்கம் தருகிறார்கள். எந்தச் சந்தத்தை? ஆங்கில யாப்பு அசையழுத்தத்தின் மேல் நிற்பது. தமிழ் யாப்பு குறில், நெடில், ஒற்று ஆகியவற்றால் அமையும் நேரசை, நிரையசைகளின் மேல் நிற்பது. பிளேக்கின் முதலடியில் நான்கு அழுத்தங்கள் இருப்பதால் தமிழிலும் நான்கு சீர் அமைத்தால் அதே ஓசை கிடைத்துவிடும் என்று நம்புவது, எண்ணிக்கையை ஓசை என்று எடுத்துக்கொள்வதாகும்.

இதைவிட என்னைச் சோதிப்பது அடியிறுதி இயைபு பற்றிய நம்பிக்கை. மூலத்தில் ஈரடிக்கு ஓர் இயைபு இருப்பதால் தமிழிலும் அடிதோறும் ‘கின்றாய்’, ‘சென்றாய்’ என்று முடித்து அனுப்புகிறார்கள். தமிழில் வினை பெரும்பாலும் இறுதியில் வரும். அதன் விகுதி எழுவாயால் தீர்மானிக்கப்படும். முன்னிலை ஒருமையில் எழுதினால் வினைமுற்றுகள் பெரும்பாலும் ‘ஆய்’ என்றுதான் முடியும். தானாகவே வந்து விழும் இயைபில் கவிஞனின் உழைப்பு எதுவும் இல்லை, கேட்பவருக்கு வியப்பும் இல்லை. ஆங்கிலத்திலோ விகுதிகள் குறைவு. இயைபுக்குச் சொல்லைத் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது, அதனால்தான் அங்கே அது காதில் விழுகிறது. தமிழ்ச் செவி அடியின் தொடக்கத்தில் எதுகையையும் மோனையையும் எதிர்பார்க்கும் செவி. மேலும், பிளேக்கே முதற் பத்தியின் கடைசி இரண்டு அடிகளில் ‘ஐ’, ‘சிமெட்ரி’ என்று முழுமையாக இயையாத சொற்களை வைத்திருக்கிறார். அங்கே கச்சிதமாக இயைபு அமைப்பவர் மூலத்தைத் திருத்துகிறார்.

அப்படியானால் பொருளை மட்டும் உரைநடையில் சொல்லிவிடலாமா என்றால், அதுவும் தீர்வாகாது. இந்தப் பாடலில் சம்மட்டி விழுவது போன்ற தாளமே பொருளின் பாதி. எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதை யாப்பைத் தேர்வதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டும். இங்கே அது எது என்பதில் எனக்கு ஐயமில்லை. பாடலின் கடைசிப் பத்தி ஏறத்தாழ முதற் பத்தியேதான். மாறும் சொல் ஒன்றே ஒன்று. முதலில் ‘எந்தக் கையால் இயலும்’ என்று கேட்டவர், முடிவில் ‘எந்தக் கை துணியும்’ என்று கேட்கிறார். திறமையைப் பற்றிய கேள்வி, துணிவைப் பற்றிய கேள்வியாகிறது. மேற்சொன்ன வடிவம் இரண்டு இடத்திலும் ‘படைத்ததே’ என்று முடிந்திருந்தது.

இணைக்குறள் ஆசிரியப்பா இடையடிகள் குறுகுவதற்கு இடம் தருகிறது. அதைப் பயன்படுத்தினால் பெயரடைகளை இட்டு நிரப்பும் தேவை குறைகிறது:

புலியே புலியே எரிந்தொளிர் புலியே
இரவின் காடுகள் நடுவே
எந்த அழியாக் கையோ கண்ணோ
வெருவரும் ஒழுங்கை வடித்திட வல்லது?

கடைசிப் பத்தியில் ‘வல்லது’ இருக்கும் இடத்தில் ‘துணிந்தது’ என்று வைத்தால் போதும். அதுவும் ஈரசைச் சீரே, அடி சிதையாது. முதலிரண்டு அடிகளில் எதுகை போயிற்று. ‘உன் ஒழுங்கு’ என்பதில் ‘உன்’ விடுபட்டது. புலியை விளித்தே தொடங்குவதால் பின்னதைப் பொறுத்துக்கொள்ளலாம். எதுகை போனதற்கு மரபறிந்த வாசகர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

அனுப்புமுன் தயவுசெய்து ஒன்று செய்யுங்கள். மூலத்தை மூடிவைத்துவிட்டு, உங்கள் தமிழ் அடிகளில் உள்ள ஒவ்வொரு பெயரடையையும் தனித்தாளில் எழுதுங்கள். பிறகு மூலத்தைத் திறந்து ஒவ்வொன்றுக்கும் அங்கே இடம் காட்டுங்கள். இடம் காட்ட முடியாதவை யாப்பு கேட்டு வாங்கியவை. அவற்றை நீக்கினால் அடி நிற்கவில்லை என்றால், மாற்ற வேண்டியது பாவகையைத்தான். வெண்பாவில் எழுதியே தீருவேன் என்று அடம்பிடிக்காதீர்கள். வெண்டளை பிசகாமல் காட்டைப் பூங்காவாக்குவதைவிடத் தளர்ந்த அகவல் எவ்வளவோ மேல். இடம் காட்ட முடியாத பெயரடைகள் ஒரு பத்தியில் இரண்டுக்கு மேல் உள்ள வடிவத்தை இனி நான் திருத்தப்போவதில்லை, திருப்பி அனுப்பிவிடுவேன்.