வரிசையைப் பார்க்கலாமா, விட்டுவிடலாமா?

நிகழ்தகவுக் கணக்கில் வரிசை மாற்றமா, சேர்வா என்று எப்படி முடிவு செய்வது என வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். ‘அடுக்குதல்’ என்றால் வரிசை மாற்றம், ‘தேர்ந்தெடுத்தல்’ என்றால் சேர்வு என்று சொல்லைப் பார்த்து முடிவெடுக்கப் பழக்குகிறார்கள். எனக்கு இந்தப் பழக்கம் பிடிப்பதில்லை. பல கணக்குகளில் இரண்டு வழியுமே சரி. சிலவற்றில் ஒன்று மட்டும்தான் சரி.

ஒரு பையில் 5 சிவப்புப் பந்துகள், 3 நீலப் பந்துகள். இரண்டை எடுக்கிறோம், எடுத்ததைத் திரும்பப் போடுவதில்லை. நிறத்துக்கு ஒன்றாக வர வாய்ப்பு என்ன? வரிசையோடு எண்ணினால் மொத்தம் 8 × 7 = 56. சிவப்பு முதலில் வர 15 வழி, நீலம் முதலில் வர 15 வழி, ஆக 30/56. வரிசையை விட்டால் மொத்தம் 28 சோடிகள், அவற்றில் நமக்கு வேண்டியவை 15. இரண்டுமே 15/28தான். ஒவ்வொரு சோடிக்கும் சரியாக இரண்டு வரிசைகள் இருப்பதால், மேலேயும் கீழேயும் அந்த 2 அடிபட்டுப் போகிறது. மேலே வரிசையை விட்டு, கீழே வரிசையைப் பார்த்து 15/56 என்று எழுதும்போதுதான் விடை பாதியாகிவிடுகிறது.

சரி, எப்போது இந்தச் சுதந்திரம் பறிபோகிறது? கலிலியோவிடம் கேட்கப்பட்ட ஒரு கேள்வி இதை அழகாகக் காட்டுகிறது. மூன்று பகடைகளை உருட்டினால் கூட்டுத்தொகை 9 வர ஆறு சேர்க்கைகள்: 6-2-1, 5-3-1, 5-2-2, 4-4-1, 4-3-2, 3-3-3. 10 வரவும் ஆறுதான்: 6-3-1, 6-2-2, 5-4-1, 5-3-2, 4-4-2, 4-3-3. ஆனாலும் ஆட்டக்காரர்கள் 10 அதிகம் விழுவதைக் கவனித்திருந்தார்கள்.

இந்தச் சேர்க்கைகள் ஒரே எடை கொண்டவை அல்ல. மூன்று பகடைகளுக்கும் மூன்று நிறம் பூசிப் பாருங்கள்: 6-2-1 என்பது 6 விதமாக விழும், 5-2-2 மூன்று விதம், 3-3-3 ஒரே விதம். 9-க்கு 6+6+3+3+6+1 = 25, 10-க்கு 6+3+6+6+3+3 = 27. மொத்தம் 216. நிறம் பூசாவிட்டாலும் பகடைகள் இப்படித்தான் விழும், நம் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது என்பதைத் தவிர.

ஆக, பார்க்க வேண்டியது இதுதான்: ஒவ்வொரு சேர்க்கையும் ஒரே எண்ணிக்கையிலான வரிசைகளைத் தருகிறதா? தந்தால் வரிசையை விடலாம். ஒரே மதிப்பு திரும்ப வர முடியும் என்றால் தராது. வரிசையோடுதான் எண்ண வேண்டும்.

அதே பையில், முதல் பந்தைத் திரும்பப் போட்டுவிட்டு இரண்டாவதை எடுத்தால்? இப்போது ஒரே பந்து இரு முறை வரலாம். வரிசையோடு 30/64, அதாவது 15/32. வரிசையை விட்டு எண்ணுபவருக்கு 28 சோடிகளோடு 8 இரட்டிப்புகள் சேர்ந்து மொத்தம் 36 ஆகி, 15/36 என்ற தவறான விடை வரும். அந்த 8-ல் ஒவ்வொன்றும் மற்றச் சோடிகளின் பாதி எடைதான்.