பொங்கல் சோற்றில் புளித்துப்போன கலன்

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார்: "பங்குனிப் பொங்கல் முடிந்த மறுநாள் எங்கள் ஊர்ச் சாண எரிவாயுக் கலனில் வழக்கத்தைவிட அதிகமாக வாயு சேர்ந்தது. ஐந்தாம் நாள் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. வாயு சேரச் சேர மேலே ஏறும் கொப்பரை மட்டும் மேலேயே நிற்கிறது. வாயு இருந்தும் ஏன் எரியவில்லை?" கேள்வியிலேயே பாதி விடை இருந்தது. மீதியைப் பார்த்துவிடலாமென்று மதுரை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன்.

பதினான்கு வீடுகளுக்கான பொதுக் கலன் அது. நாளுக்கு 600 கிலோ சாணம், அதே அளவு தண்ணீர். உள்ளே ஏறத்தாழ 48,000 லிட்டர் கரைசல். நான் போவதற்குள் கலனைப் பார்த்துக்கொள்ளும் அக்கா வால்வைத் திறந்து பழைய வாயுவை வெளியேற்றியிருந்தார். அதன்பின் ஒரு முழு நாளில் கொப்பரை ஒரு சாண்கூட ஏறவில்லை. இணைப்புகளில் சோப்பு நீர் தடவிப் பார்த்தோம், குமிழி வரவில்லை. குழாயில் தேங்கிய தண்ணீரையும் வடித்தாகிவிட்டது. வெளியேறும் தொட்டியில் நுரை கட்டியிருந்தது. ஊசிப்போன வெண்ணெய் வாடை. பிஎச் தாளை நனைத்தால் 5.9. ஏழுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய எண் அது; இறங்கினால் புளிப்பு ஏறியிருக்கிறது என்று பொருள்.

"உள்ளே என்ன போட்டீர்கள்?" என்றேன். அக்கா சற்றுத் தயங்கினார். "அன்னதானத்தில் மிஞ்சிய சோறுதான் சார். மூன்று நாளும் நூறு நூறு கிலோ இருக்கும். வீணாகப் போகிறதே என்று..."

முந்நூறு கிலோ சோறு, பார்வைக்கு அரை நாள் சாணத்தின் எடைதான். ஆனால் சாணம் என்பது மாடு ஏற்கெனவே செரித்து, முடியாததை வெளியே தள்ளியது. நார்தான் மிச்சம், கலனுக்குள் மெதுவாக, ஓரளவே கரையும். சோறோ மாவுச்சத்து. சோற்றில் தண்ணீர் போக மிஞ்சும் திடப்பொருளில் அநேகமாக எல்லாமே ஓரிரு நாளில் கரைந்துவிடும்.

கரைப்பவை அமிலம் தயாரிக்கும் பாக்டீரியாக்கள். இட்லி மாவை ஓரிரவில் புளிக்க வைப்பவற்றின் பங்காளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில மணி நேரத்தில் இரட்டிப்பாகும். அமிலத்தைத் தின்று, அடுப்பில் எரியும் மெத்தேனை விடும் நுண்ணுயிரிகள் இரட்டிப்பாகவோ சில நாட்கள் ஆகும். ஒரு பக்கம் பந்தியில் இலை நிரம்பிக்கொண்டே இருக்கிறது. உண்பவர்கள் வந்து சேரவில்லை.

என்னை எப்போதும் சொக்க வைப்பது இவற்றுக்கு நடுவில் நடக்கும் ஒரு கைமாற்று. புளிக்கும்போது உருவாகும் புரோப்பியானிக் அமிலத்தை மெத்தேன் உயிரிகள் நேரடியாகத் தின்பதில்லை. வேறொரு பாக்டீரியா அதை அசிட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் உடைத்துத் தர வேண்டும். அந்தப் பாக்டீரியாவுக்கு ஒரு சிக்கல். தான் விடும் ஹைட்ரஜன் சுற்றிலும் சேர்ந்துவிட்டால், அமிலத்தை உடைப்பதில் அதற்கு ஆற்றலே மிஞ்சாது. ஹைட்ரஜனின் பகுதி அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தால்தான் அதன் பிழைப்பு ஓடும். அவ்வளவு கீழே யார் வைத்திருப்பது? ஒட்டி அமர்ந்து ஹைட்ரஜனை உடனுக்குடன் தின்னும் மெத்தேன் உயிரிதான். இவனுடைய கழிவு அவனுடைய சாப்பாடு. அவன் சாப்பிட்டால்தான் இவனுக்கும் சாப்பாடு.

இந்த ஜோடி அறிவியலாளர்களையே ஏமாற்றியிருக்கிறது. ஆல்கஹாலைத் தின்று மெத்தேன் விடும் ஒரே உயிரி என்று 27 ஆண்டுகள் நம்பப்பட்ட ஆய்வக வளர்ப்பு ஒன்றை, நுண்ணுயிரியலாளர் பிரயண்ட் குழுவினர் 1967-இல் இரண்டு இனங்களாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று ஹைட்ரஜன் விடுகிறது, மற்றது தின்கிறது. பிரித்த பிறகு முதலாவதால் ஆல்கஹாலில் சரியாக வளரவே முடியவில்லை.

சோறு விழுந்த கலனில் ஹைட்ரஜன் வெள்ளமாக வருகிறது. தின்பவை திணறுகின்றன. புரோப்பியானிக் அமிலம் உடைபடாமல் தேங்குகிறது. தேங்கத் தேங்க மெத்தேன் உயிரிகள் இன்னும் முடங்குகின்றன. வாயு குறைந்ததும் அக்கா கலக்கியை அரை மணி நேரம் வேகமாகச் சுற்றியிருக்கிறார். நல்லெண்ணம்தான், ஆனால் ஒட்டி அமர்ந்திருந்த அந்த ஜோடிகளைச் சிதறடிக்கும் வேலை அது.

அப்படியானால் மறுநாள் வாயு பெருகியது ஏன்? சாணக் கரைசலில் பைகார்பனேட் நிறைய உண்டு. அமிலம் வந்ததும் அது எதிர்கொண்டு அமிலத்தை அடக்குகிறது; அடக்கும்போது கார்பன் டை ஆக்சைடாக மாறி வெளியேறுகிறது. சோற்றுப் புளிப்பும் அதே வாயுவைத் தருகிறது. கொப்பரையைத் தூக்கியது எரியாத அந்த வாயுதான். ஊர் மகிழ்ந்துகொண்டிருந்த நேரத்தில் கலன் தன் சேமிப்பைச் செலவழித்துக்கொண்டிருந்தது. சேமிப்பு தீரும்வரை பிஎச் பெரிதாக அசையாது; தீர்ந்ததும் சரியும். அதனால்தான் பிஎச் தாளை மட்டும் நம்புபவர் எப்போதும் தாமதமாகவே விழிக்கிறார்.

முன்கூட்டிச் சொல்வது வாயுவின் சேர்மானம். ஊசி கழற்றிய மருந்து ஊசிக்குழாயில் 50 மில்லி வாயுவை இழுத்து, பிறகு 10 மில்லி காஸ்டிக் சோடாக் கரைசலையும் உள்ளே இழுத்துக் குலுக்க வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் கட்டாயம். கார்பன் டை ஆக்சைடு கரைந்துபோகும். மிஞ்சுவது பெரும்பாலும் மெத்தேன். நல்ல கலனில் 30 மில்லி மிஞ்சும். இங்கே 17. அடுப்பு எப்படி எரியும்?

வாசலில் கண்ணேறுக்குப் படிகாரம் கட்டியிருந்தார்கள். கட்டியதோடு விட்டார்களே என்று நிம்மதியாக இருந்தது. தண்ணீரில் கரைந்தால் படிகாரமும் அமிலத்தன்மை காட்டும். உள்ளே போட்டிருந்தால் புளிப்பு இன்னும் ஏறியிருக்கும். கலன் கட்ட மானியம் தருகிறார்கள். பார்த்துக்கொள்பவர் கையில் ஒரு பிஎச் தாள் கட்டுகூடத் தருவதில்லை. இதை நான் எழுதாத வருடம் இல்லை.

முதல் வேலையாகத் தீனியை முழுவதும் நிறுத்தினோம். சிலர் சுண்ணாம்பு போடலாம் என்றார்கள். சுண்ணாம்பு மலிவு, ஆனால் முதலில் மேலே உள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்ளும், கட்டியாகப் படியும், விழுந்த இடத்தில் காரம் எகிறும். இதுபோல் ஏறி இறங்கும் கொப்பரை இல்லாமல், கூரை அசையாத மாடக் கலனாக இருந்தால் உள்ளே வெற்றிட இழுப்பே உண்டாகலாம். அதனால் சோடா உப்பை, அதாவது பைகார்பனேட்டையே, தேர்ந்தெடுத்தோம். இரண்டு நாளுக்கு ஒருமுறை 50 கிலோ, மூன்று முறை. ஒரே மூச்சில் கொட்டினால் நுரை பொங்கி வழியும். அளவு மீறினால் சோடியமே உயிரிகளுக்குக் கேடு. பக்கத்து ஊரின் நல்ல கலனிலிருந்து 5,000 லிட்டர் கரைசலையும் டிராக்டர் தொட்டியில் கொண்டுவந்து ஊற்றினோம். கலக்கியை நாளுக்கு இருமுறை, மெதுவாகச் சில சுற்று மட்டும். யாரையும் கலனுக்குள் இறங்கவிடவில்லை; உள்ளே உள்ள ஹைட்ரஜன் சல்பைடு ஆளைக் கொல்லும்.

ஏழாம் நாள் பிஎச் 6.5. பன்னிரண்டாம் நாள் 6.8, அன்று 150 கிலோ சாணம் மட்டும் கொடுத்தோம். பதினெட்டாம் நாள் ஊசிக்குழாயில் 28 மில்லி மிஞ்சியது. அதற்குப் பிறகு ஏற்றம் வேகமாக இருந்தது. அசிட்டிக் அமிலத்தின் உப்பை மெத்தேன் உயிரி தின்னும்போது பைகார்பனேட்டும் திரும்பப் பிறக்கிறது. செலவான சேமிப்பைக் கலன் தானே மீட்டுக்கொள்கிறது. சோடா மூட்டை அதுவரைக்கான கைமாற்றுக் கடன்தான்.

சோற்றை அடியோடு விலக்கச் சொல்லவில்லை. முழுச் சாணத் தீனி திரும்பிய பிறகு நாளுக்கு 10 கிலோவில் தொடங்கி, ஊசிக்குழாய் 28-க்குக் கீழே இறங்காதவரை வாரத்துக்கு ஐந்து கிலோ கூட்டலாம். 30 கிலோவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அடுத்த பொங்கலுக்கு மிஞ்சுவதை என்ன செய்வது என்று அக்கா கேட்டார். மாடுகளுக்கும் அளவாகத்தான் வைக்க வேண்டும், அவற்றின் வயிறும் இதே போலப் புளிக்கும் என்றேன். "அப்படியானால் குறைவாகத்தான் சமைக்க வேண்டும்" என்றார் அவர். ஊசிக்குழாயைப் படிகாரம் தொங்கிய அதே ஆணியில் மாட்டியிருந்தார்.