பல்கேரிய மொழியில் எழுதும்போது தமிழ் நம்மை எங்கே தடுக்கிவிடுகிறது

பல்கேரிய மொழி கற்கும் தமிழ் மாணவர் எழுதக்கூடிய மூன்று வாக்கியங்களைப் பார்ப்போம். பெயரோடு ஒட்டும் விகுதி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதால் இடையில் ஒரு கோடு போட்டிருக்கிறேன்.

நோவ் லெக்கார்-அத் ப்ரெக்லெடா டெட்சா-தே. கோ பொப்பித்தாஹ் ஸா லெக்கார்ஸ்த்வோ-தோ. தொய் கோ மி டாடெ.

அவர் சொல்ல வந்தது இது: "புதிய மருத்துவர் குழந்தைகளைப் பரிசோதித்தார். மருந்தைப் பற்றி அவரைக் கேட்டேன். அவர் அதை எனக்குக் கொடுத்தார்." சொற்கள் அனைத்தும் சரி. ஆனாலும் ஐந்து பிழைகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை கவனக்குறைவால் வருவதில்லை, தமிழ்ப் பழக்கத்தால் வருகின்றன.

முதல் பிழை 'நோவ் லெக்கார்-அத்'. தமிழில் 'புதிய மருத்துவரை' என்னும்போது அடைமொழி அப்படியே நிற்கும், உருபு பெயரோடு சேரும். கை அதே பழக்கத்தில் ஓடுகிறது. பல்கேரியத்தில் 'அந்தக் குறிப்பிட்ட' என்று சுட்டும் விகுதியை அந்தச் சொற்றொடரின் முதல் சொல் வாங்கிக்கொள்ளும். அடைமொழி முன்னால் வந்தால் விகுதி அதற்கே: நோவி-யத் லெக்கார். பெயர் வெறுமையாக நிற்கும். அடைமொழி இல்லாவிட்டால்தான் பெயர் விகுதியை ஏற்கும். அப்போதும் 'லெக்கார்' அத் என்ற விகுதியை ஏற்காது. லெக்கார்-யத் என்றே வரும். இரண்டாம் பிழை இதுதான். யத் ஏற்கும் ஆண்பால் பெயர்களை (நாளுக்கான 'டென்', ஆசிரியருக்கான 'உச்சித்தெல்' போன்றவை) ஒரு பட்டியலாகவே மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்.

இந்த ஆண்பால் விகுதிக்கு முழு வடிவம், குறு வடிவம் என இரண்டு உண்டு. மருத்துவர் எழுவாயானால் லெக்கார்-யத். "மருத்துவரைப் பார்த்தேன்" என்றாலோ, முன்னிடைச்சொல் வந்தாலோ லெக்கார்-யா. அந்த இடத்தில் 'தொய்' (அவர்) பொருந்தினால் முழு வடிவம், 'நேகோ' (அவரை) பொருந்தினால் குறு வடிவம். பேச்சில் கடைசித் 'த்' பெரும்பாலும் ஒலிப்பதில்லை. அதனால் காதை நம்பி எழுதினால் தவறும். இந்தச் சோதனையைத்தான் நம்ப வேண்டும்.

மூன்றாவது 'டெட்சா-தே'. பன்மைக்குத் 'தே' என்று பாடத்தில் படித்ததை எல்லாப் பன்மைக்கும் நீட்டியதன் விளைவு. விகுதியை முடிவு செய்வது பன்மை அல்ல, கடைசி உயிரொலி. இ, எ என முடியும் பன்மைக்கே 'தே'. ஆ என முடிந்தால் ஒருமையானாலும் பன்மையானாலும் 'தா'. 'டெட்சா' (குழந்தைகள்) பன்மைதான், ஆனால் டெட்சா-தா. அப்பாவுக்கான 'பஷ்தா' ஆண்பால், அதுவும் பஷ்தா-தா. மெய்யில் முடியும் ஒருமைச் சொல்லில்தான் பாலைக் கேட்க வேண்டும். மகிழ்ச்சிக்கான 'ராடொஸ்த்' பெண்பால், எனவே ராடொஸ்த்-தா. அங்கே இரண்டு த எழுத வேண்டும். ஒன்றை விட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

நான்காம் பிழை 'கோ' போன்ற குறுஞ்சுட்டுகளில் வருகிறது. 'அவரைக் கேட்டேன்' என்ற தமிழ் வரிசை அப்படியே 'கோ பொப்பித்தாஹ்' ஆகிவிடுகிறது. 'கோ' தனியாக அழுத்தம் பெறாத சொல். வினையை ஒட்டியே நிற்கும், ஆனால் வாக்கியத்தைத் தொடங்காது. அதற்கு முன்னால் ஏதாவது ஒரு சொல் இருந்தால் வினைக்கு முன்னே வரும், இல்லையென்றால் வினைக்குப் பின்னே போகும்: பொப்பித்தாஹ் கோ. முன்னால் 'அஸ்' (நான்) சேர்த்தால் அஸ் கோ பொப்பித்தாஹ். 'நே' (இல்லை) சேர்த்தால் நே கோ பொப்பித்தாஹ். "அவரைத்தான் கேட்டேன்" என்று அழுத்திச் சொல்ல வேண்டுமானால் நீள் வடிவம் இருக்கிறது: நேகோ பொப்பித்தாஹ்.

மாசிடோனிய மொழியில் இத்தகைய சுட்டு வாக்கியத்தின் தொடக்கத்தில் வரலாம். செர்பிய மொழியில் அது வாக்கியத்தின் இரண்டாம் இடத்தைத் தேடிப் போகும். இந்த மொழிகளைக் கற்றுவிட்டு வருபவர்கள் 'கோ'வைத் தவறான இடத்தில் வைப்பது இதனால்தான். 'அஸ் கோ ஃப்செரா பொப்பித்தாஹ்' என்று நடுவில் 'நேற்று' நுழைந்திருந்தால் செர்பியச் சாயலைச் சந்தேகிக்கலாம். பல்கேரியத்தில் 'கோ'வுக்கும் வினைக்கும் இடையில் நேற்றுக்கு இடமில்லை.

ஐந்தாம் பிழையும் தமிழிலிருந்தே வருகிறது. 'அதை எனக்குக் கொடுத்தார்' என்ற வரிசையில் 'கோ மி டாடெ' பிறக்கிறது. பல்கேரியத்தில் 'எனக்கு' முன்னால், 'அதை' பின்னால்: தொய் மி கோ டாடெ. இதற்கு விலக்கு இல்லை. தமிழில் "எனக்குக் கொடுத்தார்" என்று 'அதை'யை விட்டுவிடலாம். அங்கே 'கோ'வை விட்டால் வாக்கியம் குறையாக நிற்கும்.

'கொடுத்திருக்கிறார்' என்று வரும்போது துணைவினையும் இந்தக் கூட்டத்தில் சேரும். தொய் மி கோ யெ டால் என்பதில் படர்க்கைக்கான 'யெ' சுட்டுகளுக்குப் பின்னால் நிற்கிறது. 'நான் உனக்கு அதைக் கொடுத்திருக்கிறேன்' என்பதில், அஸ் சம் தி கோ டால், தன்மைக்கான 'சம்' அவற்றுக்கு முன்னால் வந்துவிடுகிறது.