"100% மக்கும் பை" என்று அச்சடிக்கும் முன்

டர்பனில் சின்னச் சின்ன உணவு நிறுவனங்களுக்கு லேபிள் வாசகம் எழுதுவதுதான் என் தொழில். போன வருடம் சாட்ஸ்வொர்த்தில் மசாலாத்தூள் விற்கும் ஓர் அக்கா புதுப் பை ஒன்றைக் கொண்டுவந்தார். வெளியே பழுப்புக் காகிதம், மேலே ஜிப், மூலையில் பச்சை இலை. "தம்பி, 100% மக்கும்னு பெரிசா போட்டுடு. சப்ளையர் சர்டிபிகேட்டே குடுத்துட்டார்" என்றார்.

'மாமியார் மசாலா' என்று பேர் வைத்தால், எந்த மாமியார் என்று இங்கே யாரும் சான்று கேட்பதில்லை. '100% மக்கும்' அப்படியில்லை, அது சோதித்துப் பார்க்கக்கூடிய கூற்று. அத்தகைய கூற்றுக்கு எழுத்து மூலமான ஆதாரம் விளம்பரம் வெளியாகும் முன்பே கையில் இருக்க வேண்டும் என்கிறது தென்னாப்பிரிக்க விளம்பர ஒழுங்குமுறை வாரியத்தின் விதி. புகார் வந்தபிறகு தேடிக்கொள்ளலாம் என்பது நடக்காது.

சான்றிதழை வாங்கிப் படித்தேன். போலி இல்லை. EN 13432 என்ற ஐரோப்பியத் தரத்தின்படி கொடுத்தது. சான்றிதழ் எண்ணை, அதைக் கொடுத்த அமைப்பின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தேன், அங்கேயும் இருந்தது. ஆனால் அதில் இருந்தது பையின் பெயர் அல்ல. பைக்குள் ஒட்டியிருக்கும் ஒரு பிலிமின் பெயர், அதுவும் குறிப்பிட்ட தடிமன் வரைக்கும்தான். ஜிப், பசை, மை எதுவும் அந்தச் சோதனைக்குப் போகவில்லை. ஜிப் என்ன பொருள் என்று சப்ளையரைக் கேட்டதும், சாதாரண பாலித்தீன் என்று சொல்லிவிட்டார். '100%' அங்கேயே விழுந்துவிட்டது.

சரி, ஜிப்பை எடுத்துவிட்டு, பை முழுவதையும் சோதித்தால் போதுமா என்று அக்கா கேட்டார். அதிலும் ஒரு சிக்கல். அந்தத் தரத்தின் சோதனை நடப்பது 58 டிகிரி வெப்பம் உள்ள உரக்குவியலில். 12 வாரம் கழித்து 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தங்கக்கூடாது. ஆறு மாதத்துக்குள் அதன் கார்பனில் 90% கார்பன் டை ஆக்சைடாக மாறியிருக்க வேண்டும். வீட்டுத் தோட்டத்துக் குழியில் அந்தச் சூடு வராது. வீட்டுக் குழிக்கென்று தனிச் சான்று இருக்கிறது, இந்தப் பிலிமுக்கு அது இல்லை.

அப்புறம், மசாலா தீர்ந்ததும் பை எங்கே போகும்? கறுப்புப் பையில் போட்டால் குப்பைமேட்டுக்கு. அங்கே காற்றில்லாமல் அழுகும் பொருள் மீத்தேனைத்தான் விடும். மேரியன்ஹில் குப்பைமேட்டில் அந்த வாயுவைப் பிடித்து மின்சாரம் எடுத்ததே அதனால்தான். நல்ல எண்ணத்தோடு மறுசுழற்சிக்கான ஆரஞ்சுப் பையில் போட்டாலோ, மற்ற பிளாஸ்டிக்கோடு கலந்து அதைக் கெடுக்கும். 'மக்கும்' என்ற சொல்லைப் படித்து வாங்குகிறவர் மனதில் இந்த இரண்டுமே இருக்காது. வாங்குகிறவர் தவறாகப் புரிந்துகொண்டது தெரிந்தும் திருத்தாமல் விடக்கூடாது என்கிறது 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 41-வது பிரிவு. அந்தப் பச்சை இலைப் படத்தையும் நான் எடுக்கச் சொன்னது இதனால்தான். எழுத்தில் சொல்லாததை அது சொல்லிவிடுகிறது.

அக்காவுக்குக் கோபம். "அப்ப நல்லது செஞ்சாலும் சொல்லக் கூடாதா?" நியாயமான கேள்வி. அந்தப் பையை விட்டுவிட்டு, அலுமினியத் தாள் இல்லாத, மெல்லிய ஒரே வகைப் பிளாஸ்டிக் பை ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். 'பூமிக்கு உகந்தது', 'பசுமைப் பை' போன்ற சொற்களை முதலிலேயே ஒதுக்கினேன். சுற்றுச்சூழல் கூற்றுகளுக்கான ISO 14021 தரமே அப்படிப்பட்ட மொட்டைச் சொற்களை ஏற்பதில்லை. ஒப்பிட்டுச் சொன்னால், எதோடு ஒப்பிடுகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும் என்கிறது.

எடை பார்த்தோம். சமையலறைத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது என்பதால் பத்துக் காலிப் பைகளைச் சேர்த்து வைத்தோம். அக்கா அதுவரை பயன்படுத்திவந்த, அலுமினியத் தாள் வைத்த பழைய பை 110 கிராம், புதியது 82 கிராம். 28 கிராம் குறைந்திருந்தது, அதாவது 25 சதவீதத்துக்குச் சற்று மேல். '25% குறைவான பிளாஸ்டிக்' என்று அக்கா எழுதிவிட்டார். பழைய பையில் அலுமினியமும் இருந்ததே, குறைந்ததில் ஒரு பங்கு அது. பிளாஸ்டிக் மட்டும் எவ்வளவு குறைந்தது என்று எங்களிடம் கணக்கில்லை. கடைசியில் அச்சானது இது: "எங்கள் பழைய 200 கிராம் பையைவிட இந்தப் பையின் எடை 25% குறைவு."

உள்ளே போகும் மசாலா அதே 200 கிராம்தான் என்பதையும் உறுதி செய்துகொண்டேன். பொருளைக் குறைத்துவிட்டுப் பை சிறுத்ததைப் பெருமையாகச் சொல்பவர்களும் உண்டு.

எடைச் சீட்டு, தேதி, பழைய பை ஒன்று, புதிய பை ஒன்று, நான்கும் அக்காவின் கோப்பில் இருக்கின்றன. போன மாதம் சப்ளையர் பிலிமைக் கொஞ்சம் தடிமனாக்கியிருக்கிறார் என்று போன் வந்தது. அடுத்த அச்சுக்கு முன் தராசை மறுபடி எடுக்கிறோம்.