உங்கள் ஊர் இப்போது எந்தத் தாலுகா, எந்த மாவட்டம்? அலையாமல் கண்டுபிடிக்கும் வழி

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, இறந்துபோன அப்பாவின் நிலத்துக்குப் பட்டா மாற்றப் போனார். கையில் 2004-ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரம். அதில் "திருநெல்வேலி மாவட்டம், சங்கரன்கோவில் வட்டம்" என்று இருந்தது. இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டரைத் தட்டிய பையன், திருநெல்வேலியைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தான். அங்கே சங்கரன்கோவில் இல்லை. சரி, தென்காசிக்குக் கீழே சங்கரன்கோவிலைத் தேர்ந்தெடுத்தான். அதில் இவருடைய ஊர் இல்லை. "உங்க ஊரு லிஸ்ட்லயே இல்லக்கா, தாலுகா ஆபீஸ்ல போய்க் கேளுங்க" என்று அனுப்பிவிட்டான். ஓர் அலுவலகத்தில் "இது எங்க லிமிட் இல்லம்மா" என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில் "பழைய மாவட்டத்துல எழுதி வாங்கிட்டு வாங்க" என்றார்கள். பழைய மாவட்டத்தில் யாரிடம், என்ன எழுதி வாங்குவது என்று யாரும் சொல்லவில்லை. மூன்று நாள் கூலி போனது.

கடைசியில் விஷயம் இவ்வளவுதான். அந்த ஊர் இருமுறை கைமாறியிருக்கிறது. மாவட்டம் பிரிவதற்குச் சில ஆண்டுகள் முன்பே சங்கரன்கோவில் தாலுகாவிலிருந்து திருவேங்கடம் தாலுகா தனியாகப் பிரிந்தது. அப்புறம் 2019 நவம்பர் 22-இல் திருநெல்வேலியிலிருந்து தென்காசி தனி மாவட்டமாக வந்தது. மாவட்டம் மாறியதை எல்லோரும் அறிவார்கள். விழா நடத்தினார்கள், செய்தியில் வந்தது. தாலுகா மாறியதுதான் யார் கவனத்திலும் நிற்பதில்லை. திருவேங்கடத்தைத் தேர்ந்தெடுத்ததும் ஊர்ப் பெயர் வந்துவிட்டது.

கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு ஆகியவையும் அதே 2019 நவம்பரில் வந்தவை. மயிலாடுதுறை 2020 டிசம்பரில். அங்கெல்லாம் இதே கூத்துதான். தென்காசிப் பக்கம் எனக்குப் பழக்கம் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். நாம் "எங்க ஊர்" என்று சொல்வது பெரும்பாலும் குக்கிராமம். அரசின் பட்டியலில் இருப்பது வருவாய் கிராமம். இரண்டு மூன்று குக்கிராமங்கள் சேர்ந்து ஒரு வருவாய் கிராமமாக இருக்கும். அதன் பெயர் பக்கத்து ஊருடையதாக இருக்கலாம். "லிஸ்டில் ஊரே இல்லை" என்ற புகாரில் பாதி இதனால் வருவதுதான். வீட்டு வரி ரசீதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதில் இருப்பது ஊராட்சியின் பெயர். ஊராட்சி, ஒன்றியம் என்று போவது ஒரு வரிசை. வருவாய் கிராமம், குறுவட்டம், வட்டம் என்று போவது இன்னொரு வரிசை. இரண்டின் எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வருவாய் கிராமத்தின் பெயர் பழைய பட்டாவிலும் நிலவரி ரசீதிலும் இருக்கும். இரண்டும் இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்கள் தெரு எந்த வருவாய் கிராமத்தில் வருகிறது?" எந்த மாவட்டம் என்று கேட்டால் பதில் சுற்றி வரும். இந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். அது அவர் பதிவேட்டின் தலைப்பிலேயே இருக்கிறது.

அடுத்தது சோதனை. eservices.tn.gov.in தளத்தில் பட்டா விவரம் பார்க்கும் பக்கத்துக்குப் போங்கள். மாவட்டம், வட்டம், கிராமம் என்று வரிசையாகத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். புது மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் கீழே வரும் வட்டங்களை ஒவ்வொன்றாகத் திறந்து உங்கள் வருவாய் கிராமத்தைத் தேடுங்கள். தென்காசியில் எட்டு வட்டங்கள்தான்: தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், சிவகிரி, சங்கரன்கோவில், திருவேங்கடம், வீரகேரளம்புதூர், ஆலங்குளம். பத்து நிமிட வேலை. தேடும்போது எழுத்துப்பிழைக்கும் இடம் கொடுங்கள். "ழ" இருக்க வேண்டிய இடத்தில் "ள" இருக்கும். பெயருக்கு முன்னால் "மேல", "கீழ" ஒட்டியிருக்கும். பின்னால் "பகுதி 1" என்று தொங்கும்.

பெயர் கிடைத்ததோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரே பெயரில் பக்கத்துப் பக்கத்துத் தாலுகாக்களில் ஊர்கள் உண்டு. "புதூர்" எத்தனை என்று எண்ணி மாளாது. உங்கள் புல எண்ணையும் உட்பிரிவையும் போட்டுப் பாருங்கள். திரையில் உங்கள் அப்பா பெயரோ தாத்தா பெயரோ வந்தால் அதுதான் உங்கள் ஊர், அதுதான் தாலுகா. வேறு யார் பெயரோ வந்தால், ஒன்று ஊர் தவறு, அல்லது நிலம் கைமாறியிருக்கிறது. முதலில் ஊரைச் சரிபாருங்கள், அப்புறம் பதறலாம். நிலம் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டுக்காரரின் புல எண்ணை வாங்கிச் சோதிக்கலாம், ஊர் ஒன்றுதானே. அந்த அக்கா விஷயத்தில் இந்தச் சோதனைக்குத்தான் ஐந்து நிமிடம் ஆனது. திரையில் அப்பாவின் பெயர் வந்ததும் அதை அச்செடுத்து மனுவோடு இணைத்தோம். அதற்குப் பிறகு "லிமிட் இல்லை" என்று யாரும் சொல்லவில்லை.

இனி, ஆளைத் திசைதிருப்பும் ஆவணங்கள். இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள்.

பத்திரத்தில் "தென்காசி பதிவு மாவட்டம்" என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, 2019-க்கு முன்பே எங்கள் ஊர் தென்காசி மாவட்டம்தான் என்று வாதாடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பதிவு மாவட்டம் என்பது பத்திரப்பதிவுத் துறையின் பிரிவு; கலெக்டர் இருக்கும் வருவாய் மாவட்டம் வேறு. தென்காசி வருவாய் மாவட்டமாவதற்கு வெகுமுன்பே பதிவு மாவட்டமாக இருந்தது. தாலுகா அலுவலகத்தில் இந்த வரியைக் காட்டிப் பயனில்லை. சொத்து விவரத்தில் "வட்டம்", "கிராமம்" என்று வரும் இடத்தை மட்டும் பாருங்கள். அதுவும் பத்திரம் எழுதிய நாளின் நிலவரம்தான்.

வாக்காளர் அட்டை இன்னும் மோசம். ஆலங்குளம் சட்டமன்றத் தொகுதி தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது, ஆனால் மக்களவைக்கு அது திருநெல்வேலித் தொகுதி. ராஜபாளையத்துக்காரர் தென்காசி எம்.பி.க்கு ஓட்டுப் போடுகிறார். அவருடைய மாவட்டம் விருதுநகர். தொகுதியை வைத்து மாவட்டத்தைச் சொல்லவே முடியாது. பின்கோடும் அப்படித்தான். 627 என்று தொடங்கும் பின்கோடு திருநெல்வேலி, தென்காசி இரண்டு மாவட்டத்திலும் உண்டு. தபால்காரரின் எல்லையை அரசாணை மாற்றாது.

இ-சேவையில் விண்ணப்பிப்பவர்கள், உங்கள் பெயரையும் முகவரியையும் பதிந்து தரும் கேன் எண்ணைக் கவனியுங்கள். மாவட்டம் பிரிவதற்கு முன்பு எடுத்த கேன் எண்ணில் பழைய மாவட்டமும் பழைய தாலுகாவும் அப்படியே கிடக்கலாம். வருமானச் சான்றோ இருப்பிடச் சான்றோ போட்டால், விண்ணப்பம் அந்த முகவரியை வைத்துத்தான் ஓர் அலுவலரிடம் போய்ச் சேரும். தவறான ஊருக்குப் போனால், கல்லூரிச் சேர்க்கைக்குக் கடைசி நாள் நெருங்கும்போது "நிராகரிக்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வரும், கட்டணமும் போகும். விண்ணப்பிக்கும் முன்பே முகவரியில் வட்டமும் வருவாய் கிராமமும் என்னவென்று திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். அவசரப்படுத்துவார்கள். நீங்கள் அவசரப்படாதீர்கள்.

நிலம் வாங்குபவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. tnreginet.gov.in தளத்தில் வில்லங்கச் சான்று பார்க்கிறோம். உங்கள் கிராமம் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டிருந்தால், மாற்றத்துக்கு முந்தைய பத்திரங்கள் பழைய அலுவலகத்தின் கணக்கில் இருக்கும். புது அலுவலகத்தை மட்டும் தேர்ந்தெடுத்து முப்பது வருடத்துக்குத் தேடினால், பழைய அடமானம் கண்ணில் படாமலேயே போகலாம். "வில்லங்கம் ஏதும் இல்லை" என்று வரும் தாளுக்கு, அந்த அலுவலகத்தில், அந்தக் கிராமப் பெயரில், அந்தப் புல எண்ணில் ஒன்றும் கிடைக்கவில்லை என்று மட்டும்தான் பொருள். தாய்ப்பத்திரம் எந்தச் சார்பதிவகத்தில் பதிவானது என்று அதன் முத்திரையில் பாருங்கள். அது இன்றைய அலுவலகம் இல்லையென்றால் இரண்டிலும் சான்று எடுங்கள். ஒரு சோதனை சொல்கிறேன்: உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு பழைய பத்திரம் அந்தச் சான்றில் வருகிறதா? அதுவே வரவில்லை என்றால் நீங்கள் தவறான இடத்தில் தேடுகிறீர்கள்.

மாநிலமே மாறிய ஊர்களும் இருக்கின்றன. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது, அன்று சென்னை மாநிலத்துக்கு வந்து திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தது, இப்போது தென்காசி. கன்னியாகுமரி மாவட்டமும் அதே நாளில் வந்ததுதான். திருத்தணி 1960 ஏப்ரலில் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து வந்தது. தாத்தா காலத்துப் பத்திரம் மலையாளத்திலோ தெலுங்கிலோ இருந்தால் அது போலி என்று பயப்பட வேண்டாம், விற்பவர் அதைச் சாக்காக வைத்து ஆவணத்தை மறைக்கவும் விடாதீர்கள். மொழிபெயர்த்து, அதில் உள்ள பழைய புல எண் இன்றைக்கு எந்த எண் என்று தாலுகா அலுவலகத்தில் ஒப்புமை கேளுங்கள்.

பழைய சான்றிதழ்களைத் திருத்த ஓட வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். பிறப்புச் சான்றிலும் பழைய சாதிச் சான்றிலும் "திருநெல்வேலி மாவட்டம்" என்று இருந்தால், கொடுத்த நாளில் அது சரிதான். மாவட்டம் பிரிந்ததால் அது தவறாகிவிடவில்லை. புரோக்கர் ஒருவர் "மாத்தித் தர்றேன்" என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இனி வாங்கும் சான்றுகளில் புது மாவட்டம் சரியாக வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு அலுவலகங்கள் உங்களைப் பந்தாடினால், வாய்ப்பேச்சை நிறுத்திவிட்டு எழுத்தில் கேளுங்கள். புது மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். அல்லது 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தாலுகா அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதுங்கள். "எங்கள் ஊர் எந்த மாவட்டம்?" என்று கேட்டால் மழுப்பலாகப் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: "... வருவாய் கிராமம் எந்த அரசாணையின்படி, எந்த நாள் முதல், எந்தக் குறுவட்டத்திலும் வட்டத்திலும் சேர்க்கப்பட்டது? அந்த அரசாணையில் இக்கிராமத்தின் பெயர் உள்ள பக்கத்தின் நகல் தேவை." முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்தப் பக்கம் கைக்கு வந்ததும் ஐந்து நகல் எடுத்து வையுங்கள். அடுத்த தடவை யாராவது "லிஸ்ட்ல இல்லை" என்றால் ஒன்றை மேசையில் வையுங்கள்.