முப்பந்தலில் விட்டுக்கொடுத்த வரி எங்கே போகிறது?

நாகர்கோவிலில் இருந்து திருநெல்வேலி பஸ்ஸில் போகும்போது ஆரல்வாய்மொழி தாண்டியதும் ரெண்டு பக்கமும் காத்தாடிகள் சுற்றிக்கொண்டிருக்கும். முப்பந்தல் பக்கம் காற்றாலை வைக்க அரசு வரிச்சலுகை கொடுத்துத்தான் ஆட்களை இழுத்தது. அதை வைத்தே ஒரு கணக்குப் பார்ப்போம், ஆளும் தொகையும் கற்பனைதான்.

வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று இங்கே கிளை திறந்து காற்றாலை நடத்துகிறது, வருஷ லாபம் 100 லட்சம். இந்தியாவில் வரி 30 சதவீதம், அதன் சொந்த நாட்டில் 35 என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக இங்கே 30 லட்சம் கட்டும், அங்கே அந்த 30-ஐக் கழித்துக்கொண்டு மீதி 5 கட்டும். மொத்தம் 35. சரி, இப்போது நாம் பத்து வருஷத்துக்கு வரியே வேண்டாம் என்கிறோம். இங்கே கட்டியது பூஜ்யம், அதனால் அங்கே கழிக்க ஒன்றுமில்லை, முழு 35-ஐயும் அந்த நாடு வாங்கிக்கொள்ளும். கம்பெனிக்கு ஒரு பைசா மிச்சமில்லை. நாம் விட்ட 30 லட்சம் நேராக இன்னொரு நாட்டின் கஜானாவுக்குப் போகிறது, எனக்கு இதில்தான் வயிறு எரிகிறது.

இதைத் தடுக்கத்தான் வளரும் நாடுகள் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் கேட்டு வாங்குகின்றன: சலுகையால் கட்டாமல் விட்ட வரியையும் கட்டியதாகவே கருத வேண்டும். அப்போது அந்த நாடு 30 கட்டியதாக எண்ணி 5 மட்டும் வாங்கும், மீதி 30 கம்பெனியிடமே நிற்கும், அதாவது நாம் யாருக்குக் கொடுக்க நினைத்தோமோ அவரிடமே. 1989-இல் இந்தியாவும் ஜப்பானும் போட்ட ஒப்பந்தத்தில் இது இருந்தது, 2006-இல் திருத்தியபோது எடுத்துவிட்டார்கள். இருந்தபோதும் எல்லாச் சலுகைக்கும் இல்லை, வருமான வரிச் சட்டத்தில் எந்தெந்தப் பிரிவு என்று எண்ணிப் போட்டிருந்தார்கள். ஒரு ஒப்பந்தத்தில் இது இருக்கிறதா என்று பார்க்க, இரட்டை வரியை நீக்கும் பிரிவில் ‘செலுத்தப்பட்டதாகக் கருதப்படும்’ என்ற பொருளில் சொற்கள் இருக்கின்றனவா என்று தேடினால் போதும்.

எல்லா நாடும் இதற்குச் சம்மதிப்பதில்லை. 1957-இல் பாகிஸ்தானோடு கையெழுத்தான ஒப்பந்தத்தில் இருந்ததை அமெரிக்க செனட் ஏற்கவில்லை, கட்டாத வரிக்கு ஏன் வரவு வைக்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. அதில் ஒரு நியாயமும் இருக்கிறது: வரவு கிடைக்கும்போதே லாபத்தை ஊருக்கு எடுத்துப் போய்விடலாம் என்று கம்பெனி நினைத்தால், இங்கே திரும்ப முதல் போட ஆர்வம் குறையும். கடன் வட்டி என்ற பெயரில் சுற்றுவழியில் பணத்தை அனுப்பி, கட்டாத வரிக்கு வரவு எடுக்கப் பார்ப்பவர்களும் உண்டு. அதனால்தான் பல ஒப்பந்தங்களில் இந்த வரவுக்குக் காலக்கெடு போடுகிறார்கள்.

கிளைக்குப் பதில் இங்கே தனிக் கம்பெனி தொடங்கினால் கதை மாறும். அதன் லாபம் டிவிடெண்டாகத் தாய்க் கம்பெனிக்குப் போகும்போதுதான் அங்கே வரிப் பேச்சு வரும், அந்த டிவிடெண்டையும் ஜப்பானும் பிரிட்டனும் 2009-இல் பெருமளவு வரியில் இருந்து விலக்கிவிட்டன. ஆக அந்த நாடுகளில் இருந்து இப்படி வருகிற முதலீட்டுக்கு இந்த வரவு முன்னைப்போல் தேவைப்படுவதில்லை. கிளைக்கும் கடன் வட்டிக்கும் அங்கே வரி போடுகிற வரை, நம் அதிகாரிகள் அந்த ஒரு வாசகத்தைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.